மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் (74 கி.மீ. வேகத்தில் ஆடும் ஸ்டியரிங்)

போன பதிவுல பாகூர் ஏரிக்கரை பற்றி எழுதிட்டு, அடுத்து வில்லியனூர் தேர்த்திருவிழா பற்றி எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது இப்போதைக்கு இல்ல. பத்து நாளா மனசுல ஒண்ணு கிடந்து அரிச்சுக்கிட்டு இருக்கு, அதை இறக்கி வச்சாத்தான் மத்தது எழுத வரும்.

நான் டாக்ஸி ஓட்டறவன்னு இங்க வர்றவங்களுக்குத் தெரியும். ஆறு வண்டி வச்சிருக்கிற ஒரு ட்ராவல்ஸ்ல வேலை. ஆறு வண்டிக்கும் ஒரே மெக்கானிக். நல்ல மனுஷன், என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லுவார். ஆனா இந்த விஷயத்துல அவர் செஞ்சது தப்பு. நேர்ல சொன்னேன், காதுல வாங்கல. அதனால இங்க எழுதறேன். ட்ராவல்ஸ் பேரும் அவர் பேரும் வராது.

*

அன்புள்ள அண்ணே,

திங்கட்கிழமை காலையில ஷெட்ல என் வண்டிக்கு நாலு புது டயர் போட்டீங்க. 165/80, 14 இஞ்ச் ரிம். அன்னைக்கும் மறுநாளும் வில்லியனூர், பாகூர், கன்னியக்கோயில்னு உள்ளூர் சவாரிதான். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. புதன்கிழமை விடியக்காலம் பாகூர் பெரியவரை ஏத்திக்கிட்டு சென்னைக்குக் கிளம்பினேன். முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆகி மாசாமாசம் செக்கப்புக்குப் போறாரே, அவர்தான். கிளியனூர் தாண்டி ரோடு காலியா கிடந்தது, வேகம் கூட்டினேன். 68ல ஸ்டியரிங் லேசா சிலிர்த்துச்சு. 74ல ரெண்டு கையும் நடுங்கிச்சு. 80க்குப் போனா கொஞ்சம் குறைஞ்சிது. 60க்கு இறக்கினா சுத்தமா இல்ல.

நம்ம வண்டியில வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கு, 80க்கு மேல ஏறாது. அதனால அந்த நடுக்கத்தைத் தாண்டிப் போகவும் வழியில்ல. ஒண்ணு 60ல உருட்டணும், இல்ல ஆட்டத்தோட போகணும். பெரியவர் பின் சீட்ல தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "தம்பி, மெதுவாவே போ"ன்னார். 60லயே போய், டாக்டர் பார்க்கற நேரம் தப்பி, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்து உங்ககிட்ட சொன்னேன். நீங்க மூணு பதில் சொன்னீங்க. அப்புறம் கீழ் ஆர்ம் புஷ் மாத்தினீங்க. வண்டி நோட்டுல "ஓட்டுநர் வேகமாகப் பள்ளத்தில் இறக்கியதால் சேதம்"னு எழுதினீங்க. முதலாளி என் பேட்டாவுல 2,400 ரூபாய் பிடிச்சார். அதுக்கப்புறமும் நடுக்கம் போகல. 80 தாண்டவே முடியாத வண்டியை நான் எங்க அண்ணே வேகமா ஓட்டினேன்?

உங்க மூணு பதிலையும் ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

"ரோடு சரியில்லப்பா"

வில்லியனூர் - பாகூர் பாதை சரியில்லங்கறதை என்னைவிட யாரு நல்லா சொல்ல முடியும்? தினம் போய் வர்றவன் நான். ஆனா அந்தப் பாதையில என் வண்டி ஆடல! பள்ளத்துல விழுந்தா தடார்னு ஒரு அடி, அதோட சரி. ரோட்டால வர்ற ஆட்டம் ரோடு மாறினா மாறும். என் ஆட்டம் திண்டிவனம் நாற்கரச் சாலையிலயும் 74தான், கிழக்குக் கடற்கரைச் சாலையிலயும் 74தான், விழுப்புரம் போற வழியிலயும் 74தான். ரோட்டுக்கு எப்படி அண்ணே என் ஸ்பீடாமீட்டர் தெரியும்?

நீங்க சோதனை ஓட்டம் போனது எங்கன்னு ஞாபகம் இருக்கா? ஷெட்ல இருந்து கோயில் வரைக்கும் போய்த் திரும்பினீங்க. அதிகபட்சம் 45 போயிருப்பீங்க. "ஒண்ணும் இல்லையே"ன்னு சாவியைக் கொடுத்துட்டீங்க. 74ல வர்ற நோயை 45ல தேடினா கிடைக்குமா? ராத்திரி மட்டும் காய்ச்சல் வர்றவனைப் பகல்ல தொட்டுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பற கதைதான்.

ஏன் ஒரே வேகத்துல மட்டும் வருது? இது ஜோசியம் இல்ல, கணக்கு. நம்ம சைஸ் டயர் ஒரு சுத்து சுத்தினா ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். 74 கி.மீ. வேகம்னா நொடிக்கு இருபதரை மீட்டர். அப்படின்னா சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 11 தடவை சுத்துது. சக்கரத்துல ஒரு பக்கம் கனம் கூட இருந்தா, அந்தக் கனம் நொடிக்கு 11 தடவை மேலயும் கீழயும் இழுக்கும். இந்தப் பக்கம், சக்கரம் டயர் காத்து மேலயும் ஸ்பிரிங்குக்குக் கீழயும் உட்கார்ந்திருக்கிற ஒரு பொருள். அதைத் தட்டி விட்டா அதுவா ஆடற ஒரு வேகம் அதுக்கு உண்டு. நம்ம மாதிரி கார்களுக்கு அது நொடிக்குப் பத்து, பன்னெண்டு தடவைக்குப் பக்கத்துல வரும். ஊஞ்சல்ல குழந்தையை வச்சு, அது வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா சின்னத் தள்ளலுக்கே எவ்வளவு உயரம் போகுது? அதேதான் இது. நேரம் பொருந்தற வேகத்துல மட்டும் ஆட்டம் பெருசாகும். அதுக்குக் கீழ தெரியாது, தாண்டினா குறையும். வாஷிங் மெஷின் பிழியும்போது நடு வேகத்துல குதிச்சிட்டு, முழு வேகம் வந்ததும் அடங்குதே, வீட்ல பார்த்திருப்பீங்க.

எவ்வளவு கனம் வேணும் இதுக்கு? ரிம் ஓரத்துல 30 கிராம் போதும். 74ல அது ரெண்டரை கிலோ கனத்தோட இழுக்கும். வேகம் பாதியானா இழுப்பு கால்வாசியாகும், 37ல அரைக் கிலோ சொச்சம்தான். கோயில் வரைக்கும் ஓட்டினவருக்கு அது எப்படித் தெரியும்?

"அலைன்மென்ட் பண்ணிட்டேன், சரியாயிடும்"

பண்ணீங்க. பில்லும் இருக்கு. ஆனா அலைன்மென்ட்ங்கறது சக்கரம் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது, எவ்வளவு சாஞ்சு நிக்குதுங்கற கோணக் கணக்கு. அது தப்பினா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமா தேயும். கோணம் சக்கரத்தோட சேர்ந்து சுத்தறதில்ல அண்ணே. சுத்தாத ஒண்ணு நொடிக்கு 11 தடவை எப்படித் தட்டும்? கையை விட்டா வண்டி நேராத்தான் போகுது. ஆட்டம் மட்டும்தான் இருக்கு.

இது பேலன்சிங் சமாசாரம். அது நம்ம பில்லுல இல்ல. ஒரு வீலுக்கு நூறு, நூத்தைம்பது ரூபாய் மிச்சம் பண்ணியாச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்களே, சொல்றேன். நான் ரிம் ஓரத்தைக் குனிஞ்சு பார்த்தேன். டயர் பளபளன்னு இருக்கு. ரிம்ல அடிச்சிருக்கிற வெயிட் கட்டி மட்டும் துருப்பிடிச்சு, சேறு காஞ்சு, பழசு. அது பழைய டயருக்கு அடிச்ச வெயிட். டயர் போனப்புறம் அந்த வெயிட்டுக்கு அங்க வேலையே இல்ல. பழைய டயரோட கனக்குறைவை ஈடு கட்ட வச்ச 40 கிராம், புது டயர்ல தானே ஒரு கனமா உட்கார்ந்திருக்கு. செத்துப்போன அப்பாவோட மூக்குக்கண்ணாடியை மகனுக்கு மாட்டிவிட்ட மாதிரி.

"புது டயர் அப்படித்தான், 500 கி.மீ. ஓடினா படிஞ்சிடும்"

இதுலதான் எனக்குக் கோபம் வந்தது. ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு. புது டயர் மேல அச்சுல இருந்து வந்த வழவழப்பு இருக்கும், முதல் சில நூறு கி.மீ.க்குப் பிடிமானம் கம்மி, மழையில பார்த்துத்தான் ஓட்டணும். நாள்கணக்கா நிறுத்தி வச்ச டயர்ல அடிப்பக்கம் தட்டையாகி, கிளம்பும்போது தடதடக்கறதும் உண்டு. ஆனா அது பத்து, இருபது கி.மீ.ல டயர் சூடானதும் போயிடும். என்னோடது சென்னை போய்த் திரும்பி வர்ற வரைக்கும் போகல. 30 கிராம் கனம் ஓட ஓடப் படியாது. படியறது புஷ்ஷும், பால் ஜாயின்டும், ஸ்டியரிங் ராடு முனையும்தான். டயரும் அங்கங்க குழிகுழியா தேய ஆரம்பிக்கும், உள்ளங்கையால தடவிப் பார்த்தா அலை மாதிரி தட்டும். அந்த நிலைமைக்குப் போயிட்டா அப்புறம் பேலன்ஸ் பண்ணினாலும் இரைச்சல் போகாது. புது டயரைக் கெடுத்துட்டுப் புது புஷ் போடறதுக்குப் பேரு பராமரிப்பா?

நான் என்ன பண்ணினேன்

குறை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாதுல்ல, அதனால செஞ்சதையும் சொல்லிடறேன்.

முதல்ல இன்ஜினா சக்கரமான்னு பிரிச்சேன். ரோடு காலியா இருந்தப்ப 74ல அஞ்சாவது கியர், அப்புறம் அதே 74ல நாலாவது கியர். இன்ஜின் வேகம் மாறிடுச்சு, ஆட்டம் மாறல. முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமா பார்த்து ரெண்டு மூணு வினாடி கிளட்சை மிதிச்சேன். அப்பவும் ஆட்டம் அப்படியே. ஆக இன்ஜின் இல்ல. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டா போச்சுன்னா டிரைவ் ஷாப்ட் ஜாயின்டைப் பார்த்திருக்கணும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தா டிஸ்க்கைப் பார்த்திருக்கணும். ரெண்டும் இல்ல.

அடுத்து முன்னா பின்னா. ஆட்டம் ஸ்டியரிங்ல தெரிஞ்சா முன் சக்கரம், சீட்டுல தெரிஞ்சா பின் சக்கரம்னு சொல்லுவாங்க. பஞ்சர் கடையில முன் சக்கரம் ரெண்டையும் அதே பக்கத்துப் பின்னாடிக்கு மாத்தினேன். ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டுட்டு சீட்டுக்குப் போயிடுச்சு! வண்டியில கோளாறு இல்ல, சக்கரத்தோடவே அது நகருதுன்னு அங்கயே முடிவாச்சு. உங்க புஷ்ஷுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னும் அங்கயே முடிவாச்சு. பழையபடி முன்னாடி கொண்டு வந்துட்டு, இடது முன் சக்கரத்தைக் கழட்டி அதே சைஸ் ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டினேன். ஆட்டம் பெரும்பாலும் போச்சு. ஆள் மாட்டிக்கிட்டான்.

அந்த ஒரு சக்கரத்தை வேற கடையில பேலன்சிங் மெஷின்ல ஏத்தினோம். இருந்தபடியே சுத்தினா உள்பக்கம் 45, வெளிப்பக்கம் 30 கிராம் காட்டுச்சு. ரிம்மோட உள்பக்கம் பாகூர் வயக்காட்டுக் களிமண் ஒரு விரல் தடிமனுக்குக் காஞ்சு ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, பழைய வெயிட்டையெல்லாம் பிடுங்கிட்டு மறுபடி சுத்தினா 20, 15. நேரா பாதியாயிடுச்சு! புது வெயிட் அடிச்சதும் ரெண்டு பக்கமும் சைபர்.

கடைக்காரத் தம்பி அதோட விடல. சக்கரத்தை மெஷின்ல தளர்த்தி, அரைச் சுத்து திருப்பி மாட்டி, மறுபடி சுத்தினான். 15 காட்டுச்சு. "பார்த்தீங்களா அண்ணே, சைபர் வந்தா மட்டும் நம்பக் கூடாது. சக்கரம் நடுவுல உட்காரல"ன்னான். நடு ஓட்டையில துரு. அது கோன்ல சரியா உட்காரவிடாம தடுத்திருக்கு. தேய்ச்சுச் சுத்தம் பண்ணி, கோனையும் துடைச்சு, மறுபடி முதல்ல இருந்து பேலன்ஸ் பண்ணினான். இந்தத் தடவை எப்படித் திருப்பி மாட்டினாலும் சைபர்தான். மெஷின் வச்சிருக்கிற கடை எல்லாத்துலயும் இப்படிச் செய்வாங்கன்னு நினைக்காதீங்க மக்களே, கேட்டு வாங்கணும்.

சந்தோஷமா திண்டிவனம் ரோட்டுல ஏறினேன். பெரிய ஆட்டம் போயிடுச்சு. ஆனா 74ல ஒரு சின்ன சிலிர்ப்பு மிச்சம் இருந்தது. திரும்பி வந்து ஜாக்கியில தூக்கினோம். டயர் பக்கவாட்டுல, ரிம் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமா ஓடும். டயர் சரியா உட்கார்ந்திருந்தா அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் சுத்துவட்டம் முழுக்க ஒரே இடைவெளி இருக்கணும். இதுல ஒரு இடத்துல கோடு ரிம்முக்குள்ள மறைஞ்சே போச்சு. டயர் ஒரு பக்கம் உள்வாங்கி உட்கார்ந்திருக்கு. அப்படி இருந்தா சக்கரம் முழு வட்டமா இருக்காது, ஒரு இடம் மேடா இருக்கும். மேட்டுக்கு வெயிட் அடிச்சு என்ன பிரயோஜனம்? பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்துல சுத்துது, ரோட்டுல அழுத்திப் பார்க்கறதில்ல. அதனால அதுக்கு கனம் தெரியும், மேடு தெரியாது.

காத்தை முழுக்க இறக்கி, ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, மறுபடி காத்தடிச்சப்ப டப்புன்னு ஒரு சத்தம். கோடு சமமாயிடுச்சு. (அந்தச் சத்தம் வரலங்கறதுக்காக 40 பவுண்டு அழுத்தத்துக்கு மேல ஏத்தக் கூடாது, டயரோட ஓரம் அறுந்து ஆளையே அடிக்கும். இறக்கிட்டு மறுபடி சோப்பு போட்டுத்தான் முயற்சி பண்ணணும்.) திரும்ப ஒரு தடவை பேலன்ஸ் பண்ணி, வீல் நட்டை எதிரெதிரா முடுக்கி மாட்டினோம். அதுக்கப்புறம் 60, 74, 80 எல்லாம் ஒண்ணுதான். டேஷ்போர்டு மேல வச்ச டீ கிளாஸ்ல தண்ணி கூட அலையல.

அதுக்கும் சரியாகலன்னா டயரை ரிம்ல அரைச் சுத்து திருப்பிப் போட்டுப் பார்க்கணும். ரிம்மோட மேடும் டயரோட மேடும் ஒரே இடத்துல சேர்ந்திருந்தா அது பிரிஞ்சிடும். அதுக்கும் போகலன்னா டயரே கோளாறு, கடைக்காரன்கிட்ட மாத்தித்தான் வாங்கணும். நல்லவேளை, எனக்கு அது வரைக்கும் போகல.

கடைசியா மூணு வேண்டுகோள்

அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை குறையல. எனக்கு கேஸ்கெட் போனப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு மரக்காணம் வரைக்கும் வந்து என்னை இழுத்துட்டு வந்தவர் நீங்க. அதனாலதான் சொல்றேன்.

ஒண்ணு, நோட்டுல எழுதின அந்த வரியை அடிச்சிடுங்க. 2,400 ரூபாய் கூடப் பெருசில்ல, "ஓட்டுநர் வேகம்"னு எழுதினது என் பேருக்கு ஒட்டிக்கும். நாளைக்கு இன்னொரு ட்ராவல்ஸ்ல வேலை கேட்டா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

ரெண்டு, மிச்சம் அஞ்சு வண்டிக்கும் அடுத்த மாசம் இதே டயர் வருதாம். பழைய வெயிட்டைப் பிடுங்கி, ரிம்மைக் கழுவி, பேலன்ஸ் பண்ணிட்டு மாட்டுங்க. முதலாளி காசு தரமாட்டார்னா நானும் கூட வந்து பேசறேன். ஒரு புஷ் செட்டு விலையில அஞ்சு வண்டிக்கும் பேலன்சிங் பண்ணிடலாம், கணக்குப் போட்டுக் காட்டலாம்.

மூணு, டிரைவர் "74ல ஆடுது"ன்னு சொன்னா 74ல ஓட்டிப் பாருங்க. ஷெட்ல இருந்து கோயில் வரைக்கும் இல்ல. சாவியை வாங்கிக்கிட்டு திண்டிவனம் ரோடு ஏறுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்து வர்றேன். டீ என் செலவு.

இப்படிக்கு,
உங்க தம்பி

*

பி.கு. 1: மறுபடியும் பாகூர் பெரியவரை சென்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். மரக்காணம் வரைக்கும் ஒண்ணும் பேசல. எட்டிப் பார்த்தா தூங்கிட்டு இருந்தார். தலையணை மடியில.

பி.கு. 2: புது டயர் போட்ட மக்கள், இன்னைக்கே குனிஞ்சு ரிம் ஓரத்தைப் பாருங்க. டயர் புதுசு, வெயிட் பழசுன்னா என் கதைதான் உங்க கதையும். உங்க வண்டி எந்த வேகத்துல ஆடுச்சு, எதனாலன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்த்து ஒரு பதிவா போட்டுடலாம். "இதுக்கெல்லாமா ஒரு பதிவு"ன்னு கேக்கறவங்க முதல்ல 74ல ஒரு ரவுண்டு வந்துட்டுக் கேளுங்க :)